‘1,05,000 முதல்’ என்று எழுதியதால் கைவிட்டுப் போன கல்யாணம்

திண்டுக்கல்லில் நானும் என் கணவரும் கல்யாண போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறோம். கேமரா அவருடையது, போன் என்னுடையது. அதாவது விசாரிப்பவர்களிடம் பேசுவது, கொட்டேஷன் அனுப்புவது, அட்வான்ஸ் வாங்குவது, அப்புறம் ‘ஆல்பம் எப்ப வரும்’ என்று கேட்பவர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் என் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சித்திரைக் கடைசியில் வேடசந்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் கூப்பிட்டார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம், நாங்கள் எடுத்த ஒரு சொந்தக்காரர் வீட்டு ஆல்பத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். அரைமணி நேரம் நன்றாகப் பேசினோம். அன்று ராத்திரியே எங்கள் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். நடுவில் இரண்டு முறை நினைவூட்டியும் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் நானே கூப்பிட்டேன்.

“வேற எடத்துல முடிச்சிட்டோம்மா.”

சரி, விலையில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, தப்பா நினைக்காதீங்க, எவ்வளவுக்கு முடிச்சீங்க என்று கேட்டேன். ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பிடிஎஃப்பில் ‘கோல்டு பேக்கேஜ் ரூ. 1,05,000 முதல்’ என்றுதானே இருந்தது?

“அதான்மா பிரச்சினையே. உங்களோடது எவ்வளவுன்னு எங்களால கண்டுபிடிக்க முடியல. மச்சான் பாத்துட்டு, முதல்னு போட்டிருக்கு, இது எங்க போய் நிக்கும்னு தெரியலைன்னாரு. அவங்க மொத்தம் இவ்வளவுன்னு ஒரே தொகையா சொல்லிட்டாங்க.”

போனை வைத்துவிட்டு அவர் கேட்டதை வைத்தே கணக்குப் போட்டேன். அவருக்கு ட்ரோன் வேண்டாம், ஆனால் ஆல்பம் இரண்டு வேண்டும். 1,05,000 உடன் இரண்டாவது ஆல்பத்துக்கு 12,000, ஆக 1,17,000. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 21,060. மொத்தம் 1,38,060. வேறிடத்தில் அவர் கொடுத்ததைவிட ஏழாயிரம் குறைவு! இந்தத் தொகையை நான் அவருக்கு எங்கேயுமே எழுதிக் காட்டவில்லை. கடைசிப் பக்கத்து விதிமுறைகளில் ஜிஎஸ்டி தனி, கூடுதல் ஆல்பம் தனி, ட்ரோன் தனி என்று சின்ன எழுத்தில் சிதறிக் கிடந்தது. அவர் மச்சான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அந்த பிடிஎஃப் 14 பக்கம். ஊரில் ஒரு டிசைனரிடம் காசு கொடுத்துச் செய்தது, பார்க்க அழகாகத்தான் இருக்கும். முதல் ஆறு பக்கம் எங்களைப் பற்றியும், என் கணவர் எடுத்த படங்களும், ‘உங்கள் கனவுத் தருணங்களை’ என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களும். ஏழாம் பக்கத்தில் சில்வர், கோல்டு, பிளாட்டினம். ஒவ்வொன்றுக்கும் கீழே கேண்டிட், டிரெடிஷனல், சினிமாட்டிக், டீசர், ஆல்பம் என்று சொற்களை மட்டும் அடுக்கி வைத்திருந்தோம். எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எத்தனை ஆல்பம், எதுவும் கிடையாது. கடைசிப் பக்கத்தில் பெரிதாக ‘நன்றி’. நன்றிக்கு அப்புறம் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நான் அரைமணி நேரம் பேசியது பெண்ணின் அப்பாவிடம். முடிவு செய்தது நான் பார்க்காத, பேசாத ஒரு மச்சான். நம் ஊர்க் கல்யாணத்தில் இது எப்போதுமே இப்படித்தான். விசாரிப்பது பெண்ணாக இருக்கும், பணம் கொடுப்பது அப்பா, ‘வேணும் வேண்டாம்’ சொல்வது தாய்மாமன், பாதிச் செலவு மாப்பிள்ளை வீட்டுக்கு என்றால் அங்கே ஒரு பெரியப்பா. இவர்களில் மூன்று பேரிடம் நான் பேசவே போவதில்லை. நான் போனில் அழகாக விளக்கிச் சொன்னது எதுவும் அவர்களுக்குப் போய்ச் சேராது, பார்வேர்டு ஆகி வரும் பிடிஎஃப் மட்டும்தான் போகும். என்னிடம் பேசாதவர் ஒருவர், பஸ்ஸில் உட்கார்ந்து, ஐந்தங்குல போனில் திறந்து பார்த்தால் அது தானாகவே பேச வேண்டும்.

இதைச் சோதிக்க என் சித்தப்பாவைப் பிடித்தேன். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளெழுத்துக் கண்ணாடி, எதையும் சும்மா ஒத்துக்கொள்ளாத ஆள். அவர் போனுக்கே அனுப்பி, ஒன்றும் விளக்காமல் மூன்று கேள்வி கேட்டேன். கோல்டு எடுத்தால் மொத்தம் எவ்வளவு கொடுக்கணும்? எத்தனை ஆல்பம் வரும்? பிடிச்சிருந்தா அடுத்து என்ன செய்யணும்?

அவர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் கேள்விக்கு 1,05,000 என்றார். ஆல்பம், “ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணொண்ணு, ரெண்டு” என்றார். நாங்கள் கொடுப்பதோ ஒன்று. அடுத்து என்ன செய்யணும் என்றதற்கு, “நீதாம்மா கூப்பிடுவ” என்றார். மூன்றும் தப்பு. இதில் ஆல்பம் விஷயம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அதற்கு முந்தின வருடம்தான் ஒரு கல்யாணத்தில் இதே ஆல்பம் பஞ்சாயத்து, மாப்பிள்ளை வீட்டார் எங்கள் கடைக்கே வந்து ‘எங்க ஆல்பம் எங்கே’ என்று கேட்டு, கடைசியில் நாங்கள் கைக்காசு போட்டு இன்னொன்று அடித்துக் கொடுத்தோம்.

இந்த மூன்று கேள்வியை வைத்துத்தான் முழுவதையும் திரும்ப எழுதினேன்.

முதலில் பேக்கேஜ் பெயர்கள். சில்வர், கோல்டு, பிளாட்டினம் எல்லோரும் வைக்கிறார்கள், நாங்களும் வைத்திருந்தோம். ஒரு அம்மா என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார், “எங்களுக்கு சில்வர் போதும்தான், ஆனா இத சம்பந்தி வீட்டுக்கும் அனுப்பணுமே, சில்வர் எடுத்திருக்காங்கன்னு நெனைப்பாங்க.” நான் அதுவரை இதை யோசித்ததே இல்லை. சின்ன பேக்கேஜுக்கு நாமே ஒரு மட்டமான பெயர் வைத்துவிட்டு, அதை யாரும் எடுப்பதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம். பெயரை எடுத்துவிட்டு எண்ணும் நிகழ்ச்சியும் போட்டேன்:

1. முகூர்த்தம் மட்டும்: ரூ. 68,000
2. முதல் நாள் மாலை வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமும்: ரூ. 1,40,000
3. நிச்சயதார்த்தம் முதல் மறுவீடு வரை: ரூ. 1,95,000

இதைப் படிப்பவருக்குத் தன் வீட்டுக் கல்யாணம் எதில் வருகிறது என்பது உடனே தெரிந்துவிடும். எது ஒசத்தி எது மட்டம் என்ற பேச்சே வராது.

அப்புறம் உள்ளே இருப்பவை. கேண்டிட், டிரெடிஷனல் என்ற சொற்கள் பெண்ணுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர் நினைப்பது வேறாக இருக்கும். அவருக்கு வேண்டியது மேடையேறி மொய்க்கவர் கொடுத்த ஒவ்வொருவரும் படத்தில் இருப்பது. பெண்ணுக்கு வேண்டியது, மேக்கப் அறையில் பாட்டி நெட்டி முறிக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் விழும் படம். இரண்டும் இரண்டு ஆள் செய்யும் வேலை, ஒருவரே செய்ய முடியாது. கேண்டிட் ஆளை மட்டும் போட்டு ஒரு தடவை எடுத்ததில், வரவேற்பு மேடையில் வந்த பாதிப் பேர் இல்லை, அந்த அப்பா இன்று வரை எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் சொல்லுக்குப் பதில் ஆளையும் வேலையையும் எழுதினேன். இரண்டாம் எண்ணில் இப்போது இருப்பது இதுதான்:

> படமும் வீடியோவும் எடுக்க மொத்தம் 4 பேர் வருவோம்.
> மேடையில் வருகிற எல்லோரையும், சடங்குகளையும் வரிசையாக எடுக்க ஒரு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர்.
> போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக நடப்பதை எடுக்க ஒரு போட்டோகிராபர் (கேண்டிட்), ஒரு வீடியோகிராபர் (சினிமாட்டிக்). ட்ரோனும் இவரே பறக்கவிடுவார்.
> முதல் நாள் மாலை 5 முதல் இரவு 10.30 வரை. மறுநாள் அதிகாலை 4 முதல் மதியம் 12 வரை.
> ஆல்பம் 2: பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. இரண்டிலும் அதே படங்கள்.
> ஒவ்வொரு ஆல்பமும் 12க்கு 36 அங்குலத்தில் 40 ஷீட். விரித்தால் 36 அங்குலம், மூடினால் 18 அங்குலம். ஒரு ஷீட் என்பது இரண்டு பக்கம், ஆக 80 பக்கம்.
> முழு வீடியோ, 4 முதல் 5 நிமிடச் சுருக்க வீடியோ, எடுத்த எல்லாப் படங்களும் பென்டிரைவில்.

ஷீட்டையும் பக்கத்தையும் இப்படி விளக்குவது அதிகப்படி என்று என் கணவர் சொன்னார். தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரிந்த விஷயம். ஆனால் ‘40 ஷீட்’ என்று நாங்கள் சொன்னதையும் ‘80 பக்கம்’ என்று இன்னொரு ஸ்டுடியோ சொன்னதையும் பக்கத்தில் வைத்து, ‘அவங்க டபுளா தர்றாங்களே’ என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதான்! எதிராளி எந்த அளவில் சொல்கிறாரோ அந்த அளவையும் சேர்த்து எழுதிவிட்டால் ஒப்பிடுபவருக்கு வேலை மிச்சம்.

நேரத்தை எழுதியதிலும் ஒரு பயன் உண்டு. ‘முழு நாள்’ என்று இருந்தபோது, முதல் நாள் மதியமே பந்தக்கால் ஊன்றும்போது ‘எங்க உங்க ஆளைக் காணோம்’ என்று போன் வரும். இப்போது அந்த நேரம் வேண்டுமென்றால் அவர்களே முன்கூட்டிக் கேட்கிறார்கள், நாங்களும் மணிக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுகிறோம்.

விலைதான் ரொம்ப நாள் இழுத்தது. ‘முதல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ஒரே தொகை போடு என்று சொல்வது எளிது. போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எங்களுக்கே எங்கள் அடக்கவிலை தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் அந்த ‘முதல்’ இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நோட்டுகளை எடுத்து வைத்து இரண்டாம் எண்ணுக்கு மட்டும் கணக்குப் போட்டோம். டிரெடிஷனல் போட்டோ என் கணவர், வீடியோ என் கொழுந்தன், அதற்கு வெளிச்சம்பளம் இல்லை. வெளியிலிருந்து கூப்பிடும் கேண்டிட் ஆளுக்கு இரண்டு வேளைக்கும் 14,000, சினிமாட்டிக் ஆளுக்கு 16,000, ட்ரோனுக்கு 6,000, லைட் பிடிக்கும் பையனுக்கு 3,000. லேபில் இரண்டு ஆல்பம் அச்சிட்டு வாங்க 22,000, ஆல்பம் டிசைனுக்கு 4,000, வீடியோ எடிட்டிங்குக்கு 9,000, வண்டிக்கு 2,000. கூட்டினால் 76,000. இதுவரை இவ்வளவு ஆகும் என்று நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து கூட்டியதில்லை.

அடுத்தது வரி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், போட்டோ எடுப்பதற்கு 18 சதவீதம். நாங்கள் அப்போதுதான் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தோம். வரி தனி என்று எழுதினால் நம் விலை குறைவாகத் தெரியும் என்பதுதான் பழைய புத்தி. ஆனால் கல்யாணம் வைத்திருப்பவர் வரியைத் திரும்பப் பெறப்போகும் கம்பெனி இல்லை. அவருக்குத் தன் கையிலிருந்து போவதுதான் விலை. பதினெட்டு சதவீதம் கடைசியில் வந்து ஏறினால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அதனால் 1,40,000 என்பதில் வரி அடக்கம் என்று எழுதி, கீழே ஒரு வரியில் ‘சேவைக்கு 1,18,644, ஜிஎஸ்டி 21,356’ என்று பிரித்தும் காட்டிவிட்டேன். எங்களுக்கு மிஞ்சுவது நாற்பதாயிரத்துச் சொச்சம். இருவரின் இரண்டு நாள் உழைப்பு, கடை வாடகை, கேமரா தேய்மானம், ஒரு மாதம் நான் உட்கார்ந்து படம் பிரிப்பது எல்லாம் அதற்குள். இதற்குக் கீழே இறங்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு விலை சொல்லும்போது குரல் தடுமாறுவது நின்றது.

தொகைக்குள் வராதவற்றையும் அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் வைத்தேன். மூன்றே மூன்று. திண்டுக்கல்லிலிருந்து 40 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டிக்கு 3,500 (பழநி, மதுரை இதில் வரும்). கூடுதல் நேரம் மணிக்கு 2,500. கோயிலில் தாலி கட்டுவதென்றால் கேமராவுக்கான அனுமதியும் கட்டணமும் குடும்பத்தின் பொறுப்பு. ட்ரோனுக்கு மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: மண்டபம் இருக்கும் இடத்தில் பறக்கவிட அனுமதி இல்லையென்றால் 7,000 குறைத்துக்கொள்ளப்படும். 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு, மஞ்சள் என்று மண்டலம் பிரித்திருக்கிறார்கள், விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் நினைத்தபடி பறக்கவிட முடியாது. இதை முன்பு சொல்லாமல் விட்டு, கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று விளக்கியிருக்கிறோம். அந்த நேரத்தில் விதியைப் பற்றிக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பேரம் இல்லாமல் நம் ஊரில் எதுவும் முடியாது. முன்பெல்லாம் பத்தாயிரம் ஏற்றிச் சொல்லி பத்தாயிரம் குறைப்போம். கெட்டிக்காரர் இருபது குறைப்பார், கூச்சப்படுபவர் முழுசாகக் கொடுத்துவிடுவார், அப்புறம் இருவரும் ஏதாவது ஒரு விசேஷத்தில் சந்தித்து ஒப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள். ஒரு தடவை அப்படி நடந்து அசிங்கமாகிவிட்டது. இப்போது ‘செலவைக் குறைக்க வேண்டுமென்றால்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ட்ரோன் வேண்டாம் என்றால் 7,000 குறையும், இரண்டாவது ஆல்பம் வேண்டாம் என்றால் 12,000 குறையும், இரண்டையும் எடுத்தால் 1,21,000. குறைத்துக் கேட்பவரிடம் நான் இதைத்தான் காட்டுகிறேன். எதை எடுக்கலாம் என்று பேச்சு மாறிவிடுகிறது. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, எல்லாம் முடிந்த பிறகும் ‘நமக்காக ஏதாவது பாத்துப் போடுங்கம்மா’ என்று ஒரு குரல் வரும். அதற்கென்றே இரண்டு போட்டோ பிரேமை எழுதாமல் வைத்திருக்கிறேன், அதைக் கொடுத்தால் அவருக்கும் நிறைவு, எனக்கும் நஷ்டமில்லை.

பணம் எப்போது எவ்வளவு என்பதை பழைய பிடிஎஃப் ‘50 சதவீதம் முன்பணம், மீதி ஆல்பம் தரும்போது’ என்று ஒரே வரியில் முடித்திருந்தது. இதில் மாட்டிக்கொண்டது நாங்கள்தான். ஆல்பத்துக்கு எந்தெந்தப் படம் என்று குடும்பம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து நூற்றைம்பது, இருநூறு எடுப்பது சாதாரண வேலை இல்லை. அதற்குள் மாப்பிள்ளை வெளிநாடு போய்விடுவார், பெண் அவருடன் போய்விடும், பென்டிரைவ் பீரோவில் தூங்கும். ஐந்து மாதம் கழித்து ‘45 நாளில்னு சொன்னீங்களே’ என்று சண்டை வரும், எங்கள் பாதிப் பணமும் அந்த பீரோவிலேயே கிடக்கும். இப்போது நாலு வரியாக எழுதுகிறேன்: தேதியை உறுதி செய்ய 25,000, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு 75,000, எல்லாப் படங்களையும் பென்டிரைவில் கொடுக்கும் நாளில் 30,000, ஆல்பத்தை வாங்கும்போது 10,000. ஆல்பம் வருவது ‘நீங்கள் படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாளிலிருந்து 45 நாள்’.

அந்தக் கடைசிப் பத்தாயிரத்தை நான் முதலில் வைக்கவில்லை. முழுப்பணத்தையும் பென்டிரைவோடு கேட்டிருந்தேன். சித்தப்பாதான், “எல்லாக் காசும் கைக்கு வந்துட்டா ஆல்பத்தை எப்பக் குடுப்பீங்கன்னு நான் யாரக் கேக்குறது?” என்றார். நியாயம்தான்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் நான் ஒரு தடவை சொதப்பினேன். ‘நன்றி’யை எடுத்துவிட்டு, உற்சாகத்தில் கடைசிப் பக்கத்தில் பணம் அனுப்பும் கியூஆர் கோடைப் பெரிதாகப் போட்டுவிட்டேன், ஸ்கேன் செய்து 25,000 அனுப்பினால் தேதி உங்களுடையது என்று. அடுத்தடுத்து மூன்று வீட்டில் பதில் இல்லை. ஒருவர் நேரடியாகவே சொன்னார், “மூஞ்சியக் கூட பாக்கல, அதுக்குள்ள காசா?” அவர் அப்போதுதான் நாலு ஸ்டுடியோவை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார், நான் ஐந்து படி தாண்டிக் கூப்பிட்டிருக்கிறேன். விசாரிப்பவருக்கு அடுத்த படி பணம் கொடுப்பது இல்லை, எந்த எண் என்று சொல்வதுதான். கியூஆரை எடுத்து, தேதி உறுதியாகும்போது அனுப்பும் ஒரு பக்க ஒப்பந்தத்துக்கு மாற்றினேன். இப்போது கடைசிப் பகுதி இப்படி இருக்கிறது:

> உங்கள் கல்யாணத் தேதி: ________. இன்றைக்கு இந்தத் தேதி எங்களிடம் காலியாக இருக்கிறது.
> 1, 2, 3 இதில் எது உங்களுக்குச் சரி என்று அந்த எண்ணை மட்டும் இந்த வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அன்று மாலை 7 மணிக்கு மேல் நான் கூப்பிட்டு உங்கள் சந்தேகங்களைப் பேசுகிறேன்.
> பேசி முடித்த பிறகு, எழுதிய ஒப்பந்தம் அனுப்புவேன். 25,000 முன்பணம் கொடுத்ததும் தேதி உங்களுக்கு உறுதி.
> முன்பணம் வரும்வரை தேதியைப் பிடித்து வைக்க முடியாது. இந்த விலை ________ தேதி வரை செல்லும்.

கோடிட்ட இடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் கையால் தேதி நிரப்பி அனுப்புகிறேன். ஆவணி, தை, வைகாசியில் ஒரே வளர்பிறை முகூர்த்தத்துக்கு மூன்று வீடு கேட்கும், அந்த நாளில் வெளியாள் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. ‘சீக்கிரம் புக் பண்ணுங்க’ என்று பொதுவாக அவசரப்படுத்தினால் யாரும் நம்புவதில்லை, எல்லாக் கடைக்காரனும் அதைத்தான் சொல்கிறான். ஆனால் அவர்கள் தேதியையே எழுதி, இன்றைக்குக் காலி, பிடித்து வைக்க முடியாது என்று உள்ளதைச் சொன்னால் அவர்களுக்கே புரிகிறது. அதற்காக காலியாக இருக்கும் ஆனி மாத நடுவாரத் தேதிக்கும் இதே அவசரத்தைக் காட்டக் கூடாது. அதற்கு விலை செல்லும் நாளை ஒரு மாதம் தள்ளியே போடுகிறேன்.

வடிவம் பற்றி ஒன்று மட்டும். 14 பக்கம் 4 பக்கமாயிற்று. முதல் பக்கத்திலேயே மூன்று எண்ணும் மூன்று தொகையும். படுக்கை வாட்டத்தில் இருந்ததை போன் திரைக்கு ஏற்ப நெட்டாக்கினோம், எழுத்தைப் பெரிதாக்கினோம், முழுவதும் தமிழில் எழுதினோம். ஆறு பக்கப் படங்களை எடுத்ததற்கு என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. அவருக்காக கடைசியில், ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் பார்க்கும் லிங்க் ஒன்றைச் சேர்த்தேன். பத்துக் கல்யாணத்தில் பொறுக்கிய பத்துப் படத்தைவிட, ஒரே கல்யாணத்தில் மேக்கப் அறை முதல் பந்தி வரை என்ன கிடைக்கிறது என்று காட்டுவதுதான் வாங்குபவருக்கு உதவும் என்பது என் கட்சி. அவர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

புதியதையும் சித்தப்பாவுக்கு அனுப்பி அதே மூன்று கேள்வியைக் கேட்டேன். மூன்றுக்கும் சரியாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “மணிக்கு ரெண்டாயிரத்து ஐநூறு ஜாஸ்தி” என்றார்.

இதனால் எல்லாம் வந்து குவிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதே சமயத்தில் பக்கத்து ஸ்டுடியோ ஒன்று மூடியது, அதனாலும் எங்களுக்கு ஆள் வந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த மாற்றம், விசாரிப்பவர்கள் முன்பு போல் காணாமல் போவதில்லை. ‘வேண்டாம்’ என்பவர்கள் இரண்டாம் நாளே சொல்லிவிடுகிறார்கள், 68,000 கூட எங்களுக்கு அதிகம் என்கிறார்கள், அதுவும் நல்லதுதான், தேதி திறந்து கிடக்கும். கேட்கும் கேள்வியும் மாறியிருக்கிறது. ‘எவ்வளவு ஆகும்’ என்று யாரும் கேட்பதில்லை, ‘ரெண்டாவதுல நலங்குக்கும் வர முடியுமா’ என்கிறார்கள்.

போன தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு நத்தத்திலிருந்து ஒரு பெண் விசாரித்திருந்தாள். அவளுக்கு அனுப்பி மூன்றாம் நாள், இரவு ஒன்பதே முக்காலுக்குப் புது எண்ணிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பெயர் இல்லை, வணக்கம் இல்லை.

“2. ஆனா ஆல்பம் 3 வேணும். தாய்மாமன் வீட்டுக்கு ஒண்ணு.”

மூன்றாவது ஆல்பத்துக்கு விலையே நான் எழுதியிருக்கவில்லை. அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் என் கணவரைக் கூப்பிட்டு, லேபில் மூன்றாவது பிரதிக்கு எவ்வளவு என்று கேட்டு, பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டுத்தான் பேசினேன்.